விஜயநகரத்தின் மதில்களும் ரெய்ச்சூர் எல்லையும்: ஒரு தலைநகரின் பாதுகாப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

விஜயநகரப் பேரரசு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகளைத் தாங்கி நின்றதற்கு அரசர்களின் வீரத்தையே காரணமாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. தலைநகர் அமைந்த இடம், அங்கே கட்டப்பட்ட மதில்கள், மதிலுக்குள் ஓடிய நீர், வடக்கே இருந்த எல்லைக் கோட்டைகள், கடல் வழியே வந்த குதிரைகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பாதுகாப்பு எதை நம்பி இயங்கியது என்பதும் 1565-இல் அது எங்கே உடைந்தது என்பதும் இன்னும் தெளிவாகும்.

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லிப் படைகள் தேவகிரி, வாரங்கல், துவாரசமுத்திரம், மதுரை என எல்லாத் தலைநகரங்களையும் அடைந்துவிட்டன. துங்கபத்திரைக் கரையில் இருந்த கம்பிலி என்ற சிற்றரசு 1327-ஐ ஒட்டி வீழ்ந்தது. அதே வட்டாரத்தில்தான் சங்கம மரபைச் சேர்ந்த ஹரிஹரரும் புக்கரும் புதிய அரசை நிறுவினர். மரபாக அதற்கு 1336 என்ற ஆண்டு சொல்லப்படுகிறது. 1347-இல் தக்காணத்தில் தில்லியிலிருந்து பிரிந்து பாமினி சுல்தானகம் உருவானது. அதன்பின் விஜயநகரத்தின் நிரந்தரப் போட்டியாளர் தொலைவிலிருந்த தில்லி அல்ல, சில நாள் பயணத் தொலைவில் குல்பர்காவில் இருந்த சுல்தானே. இந்த அண்மையை மனத்தில் வைத்துத்தான் தலைநகரின் கட்டமைப்பைப் படிக்க வேண்டும்.

நகரம் துங்கபத்திரையின் தென்கரையில், இன்றைய கர்நாடகத்தின் ஹம்பியில் அமைந்தது. எதிர்க்கரையில் ஆனைகுந்தி என்ற பழைய கோட்டை இருந்தது. வடக்கிலிருந்து வருபவன் முதலில் அந்தக் கோட்டையையும், பிறகு பாறைகளுக்கிடையே சுழித்தோடும் ஆற்றையும் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் அந்த இடத்தில் பரிசலைத் தவிர வேறு வழி கிடையாது. 1520-ஐ ஒட்டி அங்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பாயெஸ், கூடை போன்ற வட்டமான பரிசல்களில் பதினைந்து இருபது பேர் ஏறிச் செல்வதையும், தேவைப்பட்டால் குதிரைகளையும் மாடுகளையும்கூட அவற்றில் கடத்துவதையும் விவரித்திருக்கிறார். ஒரு வணிகக் கூட்டத்துக்கு இந்த ஏற்பாடு போதுமானது. கரையில் நின்று தடுப்பவர்களின் கண்ணெதிரே பல்லாயிரம் குதிரைகளை அப்படிக் கடத்துவது வேறு காரியம்.

ஆற்றின் தென்புறத்தில் இயற்கை இன்னொரு வேலையையும் செய்திருந்தது. மாதங்க மலை, ஹேமகூடம், மால்யவந்தம் போன்ற குன்றுகள் முழுவதும் கருங்கல் உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியதுபோல் கிடக்கின்றன. அவற்றின் மேல் அணிவகுத்து ஏற முடியாது. விஜயநகரப் பொறியாளர்கள் குன்றை விட்டுவிட்டு, குன்றுக்கும் குன்றுக்கும் இடையில் திறந்து கிடந்த வெளியை மட்டும் மதிலால் அடைத்தார்கள். மதில் ஒரு பாறையில் முட்டி நிற்கும், அதன் மறுபக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கும். கல்லுக்காக வெளியே போகவும் வேண்டியதில்லை. குன்றின் அடியிலேயே வரிசையாகத் துளையிட்டு ஆப்பு அடித்துப் பிளந்த அடையாளங்கள் இன்றும் அங்குள்ள பாறைகளில் காணக் கிடைக்கின்றன.

மதிலின் உடல் இரண்டு பகுதிகளால் ஆனது. வெளிமுகத்தில் பெரிய கருங்கற்கள் சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்துமாறு செதுக்கி வைக்கப்பட்டன. அவற்றின் பின்புறம் ஆப்புப்போல் குறுகி உள்ளே செல்லும், அதைச் சுற்றி மண்ணும் உடைகல்லும் திணிக்கப்பட்டன. வெளியிலிருந்து பார்த்தால் கல் மதில், உள்ளிருந்து பார்த்தால் கரை. மதிலை ஒட்டிச் சதுரமான கொத்தளங்கள் வெளியே நீண்டு நின்று, மதிலடியை நெருங்குபவர்களைப் பக்கவாட்டிலிருந்து தாக்க இடம் கொடுத்தன.

வாயில்களில் இன்னும் கவனம் தெரிகிறது. பீமன் வாயில் என்று இன்று அழைக்கப்படும் வாயிலுக்குள் நேராக நுழைய முடியாது. நுழைபவர் ஓர் அடைத்த முற்றத்துக்குள் வந்து, திரும்பி, மீண்டும் திரும்பித்தான் உள்ளே போக முடியும். யானையை ஓடவிட்டுக் கதவை முட்ட வைப்பதற்குத் தேவையான நேர் ஓட்டம் அங்கே கிடைக்காது. முற்றத்தில் சிக்கியவர்கள்மேல் மூன்று பக்கமும் உயரத்திலிருந்து அம்பு விழும். வாயில்களை ஒட்டி அனுமனுக்கும் பீமனுக்கும் சிற்பங்களோ சிறு கோயில்களோ அமைத்தார்கள். காவல் என்பதை அவர்கள் கல்லிடம் மட்டும் விட்டுவிடவில்லை.

ஹெராத்திலிருந்து தைமூரிய அரசர் ஷாருக்கின் தூதராக 1443-இல் வந்த அப்துர் ரசாக், நகருக்கு ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள் இருந்ததாக எழுதினார். இன்றைய ஆய்வாளர்கள் அந்த ஏழையும் தரையில் ஒன்றுவிடாமல் எண்ணிக் காட்டுவதில்லை. ஆனால் பல வரிசைகள் இருந்தன என்பதில் ஐயம் இல்லை. எண்ணிக்கையை விட அவர் தந்த இரண்டு குறிப்புகளே மதிப்புள்ளவை.

முதலாவது, வெளிமதிலைச் சுற்றிலும் ஆள் உயரக் கற்கள் நெருக்கமாக நடப்பட்டிருந்தன என்பது. ஒவ்வொரு கல்லும் பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும்படி நட்டு, குதிரையோ காலாளோ தயக்கமின்றி மதிலை நெருங்க முடியாதபடி ஐம்பது கஜ அகலத்துக்கு அந்தப் பட்டையை அமைத்திருந்தார்களாம். பாமினிப் படையின் பலம் விரைந்து வந்து தாக்கும் குதிரைப்படையில் இருந்தது. அந்த விரைவை மதிலுக்கு முன்பே கொன்றுவிடுவதற்கான மலிவான வழி இது. கல்லிடுக்கில் நடைபோட்டுவரும் குதிரை, மதில்மேல் நிற்கும் வில்லாளிக்கு நல்ல இலக்கு.

இரண்டாவது, முதல் மூன்று மதில்களுக்கு இடையே வயல்களும் தோட்டங்களும் வீடுகளும் இருந்தன என்பது. மூன்றாம் மதிலுக்குப் பிறகுதான் நெருக்கமான கடைவீதிகள் வந்தன. முற்றுகை இடுபவனின் முதன்மை ஆயுதம் பசி. மதிலுக்குள்ளேயே நெல் விளையுமானால் அந்த ஆயுதம் மழுங்கிவிடும். துங்கபத்திரையில் மேற்புறம் அணைக்கட்டு போட்டுத் திருப்பப்பட்ட துருத்து கால்வாய், கோயில்களுக்கும் அரண்மனைப் பகுதிக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கின் வழியே ஓடி அந்த வயல்களுக்குப் பாய்ந்தது. அது இன்றும் வாழைக்கும் நெல்லுக்கும் பாய்கிறது. தெற்கே கமலாபுரம் ஏரி நிரம்பி, அங்கிருந்து அரண்மனைப் பகுதிக்குக் கல் தொட்டிகள் வழியாக நீர் சென்றது. ஹம்பிக்கு வரும் நம்மவர்கள் கல்தேரையும் இசைத்தூண்களையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். போர்க் கண்ணோட்டத்தில் அந்த ஊரின் மிகப் பெரிய அரண் அந்தக் கால்வாய்தான் என்பது என் கருத்து.

இத்தனை ஏற்பாட்டுக்கும் உண்மையான சோதனை 1406-ஐ ஒட்டி வந்தது. பாமினி சுல்தான் ஃபிரோஸ் ஷா, முதலாம் தேவராயரின் காலத்தில் நேராகத் தலைநகருக்கே வந்தார். பிற்காலத்தில் எழுதிய வரலாற்றாசிரியர் ஃபிரிஷ்தா, சுல்தானின் ஆட்கள் நகரின் தெருக்களில் சிலவற்றில் நுழைந்தும்கூடப் பாறைகளுக்கிடையே திருப்பித் தாக்கப்பட்டு வெளியேற்றப்பட்டதாகவும், சுல்தானே அம்பால் காயமுற்றதாகவும் சொல்கிறார். ஃபிரிஷ்தா பாமினி மரபின் மீது பரிவுள்ளவர், ஆகவே தம் பக்கத்துத் தோல்வியை அவர் ஒப்புக்கொள்வதை நம்பலாம். மதில்கள் தம் வேலையைச் செய்தன. ஆனால் போர் அங்கே முடியவில்லை. சுல்தான் நகருக்கு வெளியே பாளையம் இறங்கியபடி, தெற்கே உள்ள நாட்டைச் சூறையாடப் படைகளை அனுப்பினார். மேற்கே பங்காபுரம் கோட்டையும் பறிபோனது. கடைசியில் தேவராயர் பங்காபுரத்தை விட்டுக்கொடுத்து, பொருளும் தந்து, தம் மகளையும் சுல்தானுக்கு மணமுடித்துச் சமாதானம் செய்துகொண்டார் என்பது ஃபிரிஷ்தாவின் கூற்று. பிடிபடாத தலைநகரில் பத்திரமாக உட்கார்ந்திருந்த அரசர், சுற்றியிருந்த நாடு அழிவதைத் தாங்க முடியாமல் பணிந்தார். மதில் நகரைக் காக்கும், வருவாய் தரும் ஊர்களைக் காக்காது.

ஆகவே பாதுகாப்பை வடக்கே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. கிருஷ்ணா ஆற்றுக்கும் துங்கபத்திரைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி அதற்குரிய இடம். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் இடைதுறை நாடு இதுவே என்பது பெரும்பாலோர் கருத்து, எனவே இந்த மண்ணுக்கான சண்டை சுல்தான்களோடு தொடங்கியதல்ல. கரிசல் மண்ணும் அதன் வருவாயும் ஒருபுறமிருக்க, அங்குள்ள ரெய்ச்சூர், முத்கல் கோட்டைகள் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களே போர் யாருடைய மண்ணில் நடக்கும் என்பதை முடிவு செய்தார்கள். விஜயநகரத்திடம் இருந்தால் கிருஷ்ணாவே எல்லை. பாமினியிடம் இருந்தால் எல்லை துங்கபத்திரை, அதாவது தலைநகரின் வாசற்படி. 1367-இல் முதலாம் புக்கர் தொடுத்த போரிலிருந்து அந்தக் கோட்டைகள் பலமுறை கைமாறியதற்கு இதுவே காரணம்.

திறந்தவெளிப் போருக்குக் குதிரையும் வில்லாளியும் வேண்டும். இரண்டிலும் விஜயநகரம் பின்தங்கியிருந்தது. தொடர்ந்து தோற்பதற்குக் காரணம் என்ன என்று இரண்டாம் தேவராயர் (1424–1446) தம் அவையில் கேட்டபோது, எதிரியின் குதிரைகள் வலியவை, அவர்களிடம் தேர்ந்த வில்லாளிகள் இருக்கிறார்கள் என்ற விடை கிடைத்ததாக ஃபிரிஷ்தா எழுதுகிறார். அதன்பின் அவர் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து நிலம் கொடுத்தார். தம் அரியணைக்கு முன் குர்ஆனை வைத்து, அவர்கள் அதை நோக்கித் தலைவணங்கத் தடையில்லாமல் செய்தார். தம் பழைய படையினருக்கு வில்வித்தை கற்பிக்கவும் அவர்களைப் பயன்படுத்தினார். அகமது கான் என்ற அதிகாரி, தேவராயருக்குப் புண்ணியம் சேரட்டும் என்று 1439-இல் நகரில் கட்டிய பள்ளிவாசல் கல்வெட்டோடு இன்றும் நிற்கிறது. விஜயநகரத்தை இந்து அரணாக மட்டும் வரைந்து காட்டுபவர்கள் அந்தக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அரசர்கள் தம்மை 'ஹிந்துராய சுரத்ராணர்' என்று அழைத்துக்கொண்டார்கள், சுரத்ராணர் என்பது சுல்தான் என்ற சொல்லின் சமஸ்கிருத வடிவம். எதிரியின் படைமுறையையும் ஆடையையும் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு எதிரியை எதிர்த்த அரசு அது.

குதிரை கடல் வழியே வந்தது. தென்னிந்தியத் தட்பவெப்பத்தில் நல்ல போர்க்குதிரை பெருகுவதில்லை. அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஹோர்முஸ் வழியாகப் பட்கல், கோவா துறைமுகங்களுக்கு அவற்றைக் கொண்டுவர வேண்டும். பயணத்தில் பல இறந்துவிடும். அந்த இழப்பை அஞ்சி வணிகர்கள் எதிரியின் துறைமுகத்துக்குப் போய்விடக் கூடாது என்று, சாளுவ நரசிம்மர் இறந்த குதிரைக்கும் விலை கொடுத்தார். கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும் என்று போர்ச்சுகீசியர் ஃபெர்னாவோ நூனிஸ் எழுதியிருக்கிறார். 1510-இல் போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்தபின் இந்த வணிகம் அவர்கள் கைக்குப் போனது. கிருஷ்ணதேவராயர் அவர்களோடு நட்புப் பேணியதற்குக் குதிரையே பெரிய காரணம்.

இந்த ஏற்பாடு தளர்ந்த காலங்களும் உண்டு. 1481-இல், சங்கம மரபின் கடைசி ஆண்டுகளில், பாமினி சுல்தான் மூன்றாம் முகமது ஷா காஞ்சிபுரம் வரை வந்து கோயில்களைக் கொள்ளையிட்டுத் திரும்பினார். மதுரை சுல்தானகத்தைப் புக்கரின் மகன் குமாரகம்பணர் முறியடித்து, 1371-ஐ ஒட்டித் திருவரங்கத்துக்கு அரங்கன் திரும்பிவந்து நூறாண்டு கடந்த நிலையில் இது நடந்தது. தலைநகர் பிடிபடாமல் இருந்தபோதே தொண்டை மண்டலம் திறந்து கிடந்தது. பிறகு பாமினி அரசு ஐந்தாக உடைந்ததும், சங்கமருக்குப் பின் வந்த சாளுவ, துளுவ மரபினர் ஆட்சியை இறுக்கியதுமே நிலைமையை மாற்றின.

1520-இல் கிருஷ்ணதேவராயர் ரெய்ச்சூரை மீட்கச் சென்றார். இந்தப் போரை நூனிஸ் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் தரும் படை எண்ணிக்கைகள் இலட்சக்கணக்கில் போவதால் அவற்றை அப்படியே ஏற்க இயலாது, ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசை நம்பத்தக்கது. ரெய்ச்சூர் முற்றுகையில் இருந்தபோது உடைந்த பாமினி அரசுகளில் ஒன்றான பிஜப்பூரின் சுல்தான் இஸ்மாயில் அடில் ஷா கிருஷ்ணாவைக் கடந்து வந்து, பாளையத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டிப் பீரங்கிகளை முன்னால் நிறுத்தினார். நூனிஸின் குறிப்பைக் கொண்டு கணிக்கப்படும் நாள் மே 19. விடியலில் விஜயநகரத்தின் முதல் அணி மோதிப் பிஜப்பூர்ப் படையைப் பள்ளம் வரை தள்ளியது. அப்போது பீரங்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தன. முன்னணி சிதறி ஓடியது. இரண்டாம் அணியில் இருந்த அரசர், தம் இறப்பைத் தேவியருக்கு அறிவிக்க மோதிரத்தைக் கழற்றி ஒரு பணியாளிடம் கொடுத்துவிட்டு, எஞ்சிய அணிகளோடு பாய்ந்தார். ஒருமுறை சுட்ட பீரங்கியை மீண்டும் நிரப்ப அந்தக் காலத்தில் வெகுநேரம் ஆகும். அந்த இடைவெளியில் குதிரைப்படை மேலே விழுந்தது. அடில் ஷாவின் படை பின்னால் இருந்த ஆற்றில் தள்ளப்பட்டு ஏராளமானோர் மூழ்கினர். சுல்தான் யானைமேல் ஏறித் தப்பினார். பீரங்கிகள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டன.

அடுத்து ரெய்ச்சூர்க் கோட்டை. கிருஷ்ணதேவராயரின் படை அதைப் பீரங்கியால் உடைக்க முயலவில்லை. ஆட்கள் கடப்பாரையும் குந்தாலியும் கொண்டு மதிலைப் பெயர்த்தார்கள், பெயர்த்த கல்லின் அளவுக்கேற்பப் படைத்தலைவர்கள் காசு கொடுத்தார்கள். மதில்மேல் இருந்த பீரங்கிகளால் மதிலடியில் நிற்பவனைக் குறிவைக்க முடியவில்லை. ஆனால் மேலிருந்து கல்லும் அம்பும் விழுந்து பலர் மாண்டனர். குதிரை விற்க வந்திருந்த கிறிஸ்தோவாவோ டி ஃபிகெய்ரெடோ என்ற போர்ச்சுகீசியர், இருபது பேரளவில் கைத்துப்பாக்கியோடு வந்து, மதில்மேல் தலைகாட்டியவர்களைச் சுட்டு வீழ்த்தினார். நிலைமையைப் பார்க்க எட்டிப் பார்த்த கோட்டைத் தலைவரும் குண்டடிபட்டு இறந்தார். மறுநாள் கோட்டை பணிந்தது.

இந்த வெற்றியைப் பற்றி வரலாற்றாய்வாளர் சிலர் எழுப்பும் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. பீரங்கி வைத்திருந்தவர் தோற்றார், பீரங்கியை நம்பாதவர் வென்றார். வென்றவருக்கு அதைப் பற்றி மேலும் எண்ணிப் பார்க்கத் தேவை ஏற்படவில்லை. தோற்றவருக்கோ அது பாடமாயிற்று. அடுத்த நாற்பதாண்டுகளில் தக்காணச் சுல்தான்கள் தம் கோட்டைகளின் கொத்தளங்களைப் பீரங்கி சுழன்று சுடுவதற்கேற்ப மாற்றினார்கள், துருக்கிய நாடுகளிலிருந்து வந்த வல்லுநர்களை வேலைக்கு வைத்தார்கள். விஜயநகரத்தின் மதில்களில் அத்தகைய மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. அவை கடைசிவரை குதிரையைத் தடுக்கும் மதில்களாகவே இருந்தன.

1540-களிலிருந்து ஆட்சியை நடத்திய அலிய ராமராயர், பாதுகாப்பைக் கல்லிலிருந்து சூழ்ச்சிக்கு மாற்றினார். ஒரு சுல்தானோடு சேர்ந்து இன்னொரு சுல்தானை அடிப்பது, அடுத்த முறை அணி மாறுவது என்பது அவர் வழி. இருபதாண்டு அது அருமையாகப் பலித்தது, பலித்ததாலேயே அகமதுநகர், பிஜப்பூர், கோல்கொண்டா, பீதர் ஆகிய நால்வரும் கடைசியில் ஒன்று கூடினர். 1565 ஜனவரி 23-இல், தலைக்கோட்டைப் போர் என்று நாம் அழைக்கும் போர் கிருஷ்ணாவை ஒட்டி நடந்தது. அகமதுநகர் சுல்தான் உசேன் நிஜாம் ஷாவின் பீரங்கிகள் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டு, நெருங்கி வந்தவர்கள்மேல் செப்புக் காசு நிரப்பிய பைகளைச் சுட்டன. முதுமையிலும் களத்துக்கு வந்திருந்த ராமராயர் பிடிபட்டார். அவர் தலை அங்கேயே வெட்டப்பட்டு ஈட்டியில் தூக்கிக் காட்டப்பட்டதும் படை கலைந்தது. ராமராயரிடம் இருந்த இரண்டு முஸ்லிம் தளபதிகள் களத்தில் மாறியதே தோல்விக்குக் காரணம் என்று, இரண்டாண்டுக்குப் பின் அங்கு வந்த வெனிஸ் வணிகர் சீசர் ஃபெடரிசி எழுதினார். அது ஒரு பங்காக இருக்கலாம். ஒரே களத்தில் பேரரசின் பெரும்படை முழுவதையும் நிறுத்தியதும், அதன் தலைவர் விழுந்தால் அடுத்து ஆணையிட யாரும் இல்லாததும் அதைவிடப் பெரியவை.

அதற்குப் பின் நடந்ததுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். தலைநகரின் மதில்களை யாரும் உடைக்கவில்லை, உடைக்க வேண்டிய தேவையும் எழவில்லை. ராமராயரின் தம்பி திருமலர் அரச குடும்பத்தையும் கருவூலத்தையும் யானைகளில் ஏற்றிக்கொண்டு தெற்கே பெனுகொண்டாவுக்குப் போய்விட்டார். மதிலில் நிற்கப் படை இல்லை, ஆணையிடத் தலைவர் இல்லை. 1406-இல் உள்ளே அரசரும் படையும் இருந்ததால் தாங்கிய அதே மதில்கள் இப்போது வெறும் கற்களாயின. சுல்தான்களின் படைகள் மாதக்கணக்கில் நகரில் தங்கிப் புதையல் தேடின.

ஃபெடரிசி 1567-இல் வந்தபோது வீடுகள் பல நின்றுகொண்டிருந்தன, ஆட்கள் இல்லை. திருமலர் இடையில் நகருக்குத் திரும்பி அதை மீண்டும் குடியேற்ற முயன்றிருந்தார். படைக்குக் குதிரை வேண்டும் என்று கோவா வணிகர்களுக்குச் சொல்லி அனுப்பி, நல்ல விலை தருவதாக வாக்களித்தார். வணிகர்கள் குதிரைகளைக் கொண்டுவந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு காசு கொடுக்காமல் அனுப்பிவிட்டார் என்று ஃபெடரிசி குறிக்கிறார். அதற்குப் பின் தலைநகர் பெனுகொண்டாவின் மலைக்கோட்டைக்கும், அடுத்தடுத்து சந்திரகிரிக்கும் வேலூருக்கும் நகர்ந்தது.